வீடியோ காலுக்கு வராத வரன்: பணப் பேச்சு வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

மேட்ரிமோனி தளத்தில் புதிதாகப் பதிவு செய்தவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே ஒரு வகை வரன் வந்து சேரும். லண்டனில் டாக்டர், நடுக்கடல் எண்ணெய்க் கிணற்றில் இன்ஜினியர், கப்பலில் அதிகாரி என்று வேலை மாறும். மற்றவை மாறாது. நல்ல படங்கள், மரியாதையான பேச்சு, காலையும் இரவும் தவறாத மெசேஜ். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் மட்டும் ஏதோ ஒரு தடை வரும். அந்தத் தடை நீங்குவதற்குள் அவருக்கு ஒரு பணக் கஷ்டம் வந்துவிடும்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் சொல்லிவிடலாம். கூச்சப்படும் மனிதர்கள் இருக்கிறார்கள், கஷ்டம் யாருக்கும் வரும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் கவனிக்க வேண்டியது. கீழே சொல்லும் சோதனைகளை மனம் ஒட்டுவதற்கு முன்பே, அதாவது முதல் இரண்டு வாரங்களில் முடித்துவிடுங்கள். ஆறு மாதம் பேசிய பிறகு இதே சோதனைகளைச் செய்ய யாருக்கும் மனம் வராது. மோசடி செய்பவர்கள் அந்த ஆறு மாதத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

முதலில், தளத்தை விட்டு அவசரமாக வெளியேறாதீர்கள்

பேச ஆரம்பித்த ஓரிரு நாளில் "இந்த ஆப் சரியில்லை, வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்று அழைப்பார்கள். நல்ல வரன்களும் இப்படிக் கேட்பது உண்டு. ஆனால் மோசடிக்காரருக்கு இது ஆசை அல்ல, அவசியம். யாராவது புகார் கொடுத்தால் தளம் அவருடைய ப்ரொஃபைலை நீக்கிவிடும். பேச்சு அதற்குள் வாட்ஸ்அப்புக்கு வந்திருந்தால் அவருக்குக் கவலையில்லை. நீங்கள் வாட்ஸ்அப்புக்கு மாறிய சில நாளில் ப்ரொஃபைல் காணாமல் போனால், "உங்களைக் கண்டுபிடித்துவிட்டேன், இனி அது எதற்கு" என்ற இனிமையான விளக்கம் வரும். அதைக் கேட்டு நெகிழ்வதற்கு முன் தளத்தின் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டு, அந்த ஐடி ஏன் நீக்கப்பட்டது என்று கேளுங்கள்.

அதனால் எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே அந்த ப்ரொஃபைல் பக்கத்தையும், ஐடி எண்ணையும், படங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். +44 என்று தொடங்கும் எண் இருப்பதால் ஆள் இங்கிலாந்தில் இருக்கிறார் என்று ஆகாது. அப்படிப்பட்ட எண்ணை எங்கிருந்தும் இணையத்தில் வாங்க முடியும். ப்ரொஃபைலில் இருக்கும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரையும் பெரும்பாலும் போன் எண்ணையோ ஓர் அடையாள அட்டையையோ பார்த்ததற்கான அடையாளம்தான். வேலை, சம்பளம், திருமண நிலை ஆகியவற்றுக்கு அது சான்று அல்ல.

படத்தைத் தேடிப் பாருங்கள்

அவர் அனுப்பிய படங்களில் முகம் தெளிவாக உள்ள இரண்டு மூன்றைச் சேமித்து கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். முழுப் படத்தையும் ஒருமுறை, முகத்தை மட்டும் வெட்டி ஒருமுறை, பின்னணியில் உள்ள கட்டடத்தை மட்டும் ஒருமுறை. இதே வேலையை டின்ஐ என்ற தளத்திலும் செய்யலாம். அதே முகம் வேறு பெயரில் வேறு ஊரில் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. அவரிடம் போய் விளக்கம் கேட்காதீர்கள். கேட்டால் "என் படத்தை யாரோ திருடிவிட்டார்கள்" என்று சொல்வார், நீங்களும் அவர் பக்கம் நின்று பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.

தேடலில் எதுவும் வரவில்லை என்றால் அவர் உண்மையானவர் என்று முடிவு கட்டக் கூடாது. பூட்டி வைத்த கணக்கிலிருந்து எடுத்த படங்கள் தேடலில் வராது, கணினியே உருவாக்கிய முகங்களும் வராது. பொய்யைப் பிடிக்க இந்தச் சோதனை உதவும், உண்மையை நிரூபிக்க உதவாது.

வீடியோ காலை எப்படிக் கேட்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பேச ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, சந்தேகத்தின் பேரில் இல்லாமல், வழக்கம் போலக் கேளுங்கள்: "எங்க வீட்டில் எல்லா வரனோடும் முதலில் ஒரு வீடியோ கால் பேசிவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவோம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போதும். உங்களுக்கு எந்த நேரம் வசதி?" எல்லோருக்கும் ஒரே விதி என்பதால் அவர் புண்படக் காரணம் இல்லை.

வரும் பதில்கள் கிட்டத்தட்ட மனப்பாடமானவை. மருத்துவமனையில் கேமரா அனுமதி இல்லை. கப்பலில் நெட் இல்லை. போன் கேமரா உடைந்துவிட்டது. "என்னை நம்பவில்லையா?" கேமரா உடைந்த போனிலிருந்து நாளுக்கு நான்கு செல்ஃபி வந்துகொண்டிருந்தால் அதைச் சொல்லிக் காட்டத் தேவையில்லை, நீங்கள் குறித்துக்கொண்டால் போதும். கப்பலில் நெட் கிடைப்பது கடினம் என்பது உண்மைதான், ஆனால் கப்பல் துறைமுகத்துக்கு வரும். மருத்துவமனையில் வேலை பார்ப்பவருக்கும் வீடு இருக்கும். ஒரு தடைக்கு ஒருமுறை இடம் கொடுங்கள். இரண்டாவது முறை வேறு காரணம் வந்தால் பேச்சை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இப்போதெல்லாம் சிலர் வீடியோ காலுக்கு வருகிறார்கள். இருட்டில், இருபது முப்பது விநாடி, உதடும் குரலும் ஒட்டாமல், "நெட் சரியில்லை" என்று துண்டிக்கப்படும். ஏற்கனவே பதிவான வீடியோவை ஓட்டிக் காட்டுவது பழைய வழி. முகத்தையே கணினியால் மாற்றிப் பேசுவது புதிய வழி. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை 27 பேரைக் கைது செய்தது. போலி முகங்களைக் கொண்டு காதல் பேசி அவர்கள் பறித்தது சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர் என்று காவல்துறை சொன்னது. வீடியோவிலும் பெண் முகம் காட்டித்தான் ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஆகவே கால் வந்தால் மட்டும் போதாது, பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும். நடுவில் சாதாரணமாகச் சிலவற்றைக் கேளுங்கள். "ஜன்னல் பக்கம் போய் வெளியே காட்டுங்களேன், அங்கே இப்போ வெளிச்சமா இருக்கா?" இந்த ஒரு கேள்வியில் ஆள் நகர வேண்டும், தலை திரும்ப வேண்டும், நேர வித்தியாசமும் பொருந்த வேண்டும். முழுப் பக்கவாட்டில் திரும்பும்போதும், முகத்துக்குக் குறுக்கே கை போகும்போதும் மாற்றப்பட்ட முகம் ஓரங்களில் கலங்குவது உண்டு. தொழில்நுட்பம் மேம்பட மேம்பட இந்தக் குறை மறையும் என்பதால் இதையே கடைசிச் சான்றாக எடுக்க வேண்டாம். உங்கள் அக்காவோ அண்ணனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நல்லது. நேசத்தோடு பார்க்காத கண்ணுக்கு நிறையத் தெரியும். எந்தக் கட்டத்திலும் வீடியோவில் உடை விலக்கச் சொன்னால் உடனே துண்டியுங்கள். அதைப் பதிவு செய்து மிரட்டுவது தனி மோசடி.

உண்மையிலேயே கூச்சப்படுபவரை எப்படி அறிவது? அவர் வீடியோவைத் தவிர்த்தாலும் ஆளைத் தவிர்க்க மாட்டார். "வீடியோ எனக்குப் பழக்கமில்லை, அம்மாவைப் பேசச் சொல்லட்டுமா?" என்பார். "சனிக்கிழமை கோயம்புத்தூர் வருகிறேன், அங்கேயே பார்க்கலாமா?" என்பார். ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவைத் திறப்பார். மோசடிக்காரர் எல்லாக் கதவையும் மூடிவிட்டு அன்பை மட்டும் அதிகமாக்குவார்.

விசாரித்தல்

நம் வீடுகளில் வரன் என்றாலே விசாரிப்பது வழக்கம். ஆன்லைனில் வந்த வரன் என்றதும் அதை விட்டுவிடுகிறோம், குறிப்பாக மறுமணத்துக்குத் தேடுபவர்கள். யாருக்கும் தெரியாமல் முதலில் நாமே பேசிப் பார்க்கலாம் என்ற தயக்கம் புரிகிறது. ஆனால் உண்மையான மனிதரைச் சுற்றி மனிதர்கள் இருப்பார்கள். அப்பா அம்மாவின் பூர்வீக ஊர் எது, எந்தத் தெரு, எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டு படித்தார், குலதெய்வக் கோயில் எங்கே, அங்கே கடைசியாக எப்போது போனார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்து அதையே வேறு விதமாகக் கேளுங்கள். "சின்ன வயதிலேயே வெளிநாடு வந்துவிட்டேன், அம்மா அப்பா இல்லை, உறவு யாரும் இல்லை" என்ற பதிலில் எந்தக் கேள்விக்கும் பிடி கிடைக்காது. அப்படி ஒரு வாழ்க்கை உண்மையில் இருக்கலாம். இருந்தாலும் அவருக்கு ஒரு நண்பர், ஒரு சக ஊழியர், ஒரு வீட்டுக்காரராவது இருப்பார். விவாகரத்தானவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் நகலைக் கேட்பது தவறே இல்லை, இரு பக்கமும் கேட்கும் விஷயம்தான்.

வேலையைச் சரிபார்க்கவும் வழி உண்டு. இங்கிலாந்தில் மருத்துவம் பார்க்கும் ஒவ்வொருவர் பெயரும் அந்நாட்டு ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கும். யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் இணையத்தில் தேடலாம். பெயர் இல்லாவிட்டால் அவர் அங்கே டாக்டராக வேலை பார்க்க முடியாது. பெயர் இருந்தாலும் பேசுபவர் அவர்தானா என்பது இன்னும் தெரியாது, ஏனென்றால் நிஜ டாக்டர்களின் பெயரையும் படத்தையும் எடுத்துத்தான் பல போலி ப்ரொஃபைல்கள் செய்யப்படுகின்றன. ஆகவே மருத்துவமனையின் பொது எண்ணை நீங்களே தேடி எடுத்து, அவர் வேலை பார்க்கும் பிரிவுக்கு இணைக்கச் சொல்லுங்கள். அவர் தரும் எண்ணுக்கு அழைத்தால் அவருடைய கூட்டாளிதான் எடுப்பார்.

பணக் கஷ்டம் எப்படி வரும்

ஒரு மாதிரிக் கதையைச் சொல்கிறேன். இது தனி ஒருவருக்கு நடந்தது அல்ல. இந்தியாவில் இத்தகைய புகார்களில் திரும்பத் திரும்ப வரும் வரிசையை வைத்துக் கோத்தது.

ஒரு பள்ளி ஆசிரியை, வயது 36, மறுமணத்துக்குப் பதிவு செய்கிறார். லண்டன் டாக்டர் ஒருவர் பேசுகிறார். மூன்றாவது வாரம், "உன் பிறந்தநாளுக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன்" என்று நகை, போன், கைப்பை அடுக்கிய படம் வருகிறது. பார்சல் எங்கே வருகிறது என்று பார்க்க ஓர் இணைய முகவரியும் தருகிறார். அது கூரியர் நிறுவனத்தின் பக்கம் போலவே இருக்கும், ஆனால் இந்த வேலைக்காகவே செய்த பக்கம். இரண்டு நாளில் டெல்லி விமான நிலையச் சுங்கத்துறை என்று ஒரு பெண் அழைக்கிறார். தீர்வை 38,500 ரூபாய், இன்று மாலைக்குள் கட்ட வேண்டும். டாக்டரிடம் கேட்டால், "எனக்கும் இது தெரியாது, நீ இப்போது கட்டிவிடு, வந்ததும் தருகிறேன்" என்கிறார். ஆசிரியை கட்டுகிறார்.

மறுநாள் அடுத்த அழைப்பு. ஸ்கேன் செய்ததில் பார்சலுக்குள் 20,000 பவுண்டு நோட்டு இருக்கிறதாம், பணமோசடிச் சட்டப்படி சான்றிதழ் வாங்க 1,45,000 ரூபாய் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் உங்கள் பெயரில் வழக்காம். இந்த இடத்தில் ஆசை போய் பயம் வந்துவிடுகிறது. முதலில் கட்டிய பணமாவது மிஞ்சட்டும் என்ற எண்ணமும் சேர்கிறது. அவர் நகையை அடகு வைக்கிறார். அதற்கப்புறம் மூன்றாவது தொகை வரும், நான்காவது வரும். கையில் எதுவும் இல்லை என்று உறுதியாகும் வரை வரும்.

இந்த வரிசை முறியும் இடங்கள் மூன்று. ஒன்று, பணம் போன கணக்கு. தீர்வை என்றார்கள், ஆனால் கொடுத்தது யாரோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு எண்ணை. அரசுக்குச் சேர வேண்டிய தீர்வையைத் தனிநபர் கணக்கில் யாரும் வாங்குவதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் வேறு பெயரில் கணக்கு வந்தால், அவை கமிஷனுக்காக வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள். இரண்டு, கடிதம். சுங்கத்துறை அனுப்பும் கடிதங்களில் 2019 முதல் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், அதை மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். வாட்ஸ்அப்பில் வரும் முத்திரை போட்ட படத்தில் அது இருக்காது, இருந்தாலும் செல்லாது. மூன்று, ஒரே ஒரு வாக்கியம்: "நான் கேட்காத பார்சல், எனக்கு வேண்டாம், அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள்." நிஜ அலுவலகத்துக்கு இந்தப் பதில் போதும். போலி அழைப்பு இதைக் கேட்டதும் மிரட்டலுக்கு மாறும்.

ஆண்களுக்கு வரும் கதை வேறு. அம்மாவுக்கு ஆபரேஷன், உங்களைப் பார்க்க வர டிக்கெட் காசு, அல்லது "எங்க மாமா சொல்லிக் கொடுத்த டிரேடிங் ஆப்". கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது, ஏனென்றால் அதில் அவள் உங்களிடம் பணமே கேட்பதில்லை, சம்பாதிக்க வழி காட்டுகிறாள். முதலில் போட்ட ஐயாயிரம் லாபத்தோடு கையில் திரும்பியும் வரும். பெரிய தொகை போட்ட பிறகு எடுக்க முயன்றால் வரி கட்டச் சொல்லும். மறுமுனையில் பேசுபவர்களில் பலர் தாங்களே கடத்தி அடைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி ஆன்லைன் மோசடி வேலையில் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் கணக்கிட்டது. நீங்கள் தனியாக ஒரு காதலரோடு பேசவில்லை, எழுதி வைத்த வசனத்தைப் படிக்கும் ஒரு கூட்டத்தோடு பேசுகிறீர்கள்.

கஷ்டத்தைச் சொல்லும் விதத்தையும் கவனியுங்கள். முதலில் பணம் கேட்க மாட்டார்கள். "இன்று மனசு சரியில்லை" என்று தொடங்கி நீங்கள் துருவிக் கேட்ட பிறகு சொல்வார்கள். "உன்னிடம் வாங்க மாட்டேன்" என்றும் சொல்வார்கள். நீங்களாகவே தருவதாகச் சொல்லும் வரை காத்திருப்பார்கள். அப்போதுதான் பின்னால் நீங்கள் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆகவே கஷ்டம் காதில் விழுந்த அன்றே, கேட்பதற்கு முன்பே, இதைச் சொல்லிவிடுங்கள்: "கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. நேரில் பார்த்துப் பேசும் வரை யாரோடும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில்லை என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம்." உண்மையானவர் சரி என்று அடுத்த பேச்சுக்குப் போவார். மற்றவர் இரண்டு மூன்று நாள் மௌனமாவார், அழுவார், கோபப்படுவார், அல்லது தொகையைக் குறைப்பார். தொகையைக் குறைத்தால் கொடுத்துவிடாதீர்கள். ஐயாயிரம் கொடுப்பவர் ஐம்பதாயிரமும் கொடுப்பார் என்று அறியத்தான் அந்தக் குறைப்பு.

ஏற்கனவே அனுப்பிவிட்டால்

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். அவரோடு சண்டை போட்டுவிட்டு அழைக்கலாம் என்று நினைக்காதீர்கள். நீங்களாகவே அனுமதித்து அனுப்பிய பணம் என்பதால் வங்கி அதைத் தானாகத் திருப்பித் தராது. போய்ச் சேர்ந்த கணக்கில் பணம் இருக்கும்போதே அதை முடக்குவதுதான் வழி. அந்தப் பணம் சில மணி நேரத்தில் நான்கைந்து கணக்குகளுக்குச் சிதறிவிடும். எனவே ஒரு மணி நேரத்தில் அழைப்பதற்கும் மறுநாள் அழைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அழைக்கும்போது உங்கள் கணக்கு எண், அனுப்பிய தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனையின் யுடிஆர் எண், பெற்றவரின் கணக்கு அல்லது யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். முடக்கப்பட்ட பணம் நீதிமன்ற உத்தரவின் பேரில் திரும்பி வரும் வாய்ப்பு உண்டு, ஆனால் மாதங்கள் ஆகலாம்.

உரையாடலை அழிக்காதீர்கள். வெட்கத்தில் முதலில் செய்யும் காரியம் அதுதான், அதோடு சாட்சியும் போய்விடும். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை ஏற்றுமதி செய்து சேமித்த பிறகு எண்ணைத் தடை செய்யுங்கள். ஆதார், பான் நகல் கொடுத்திருந்தால் புகாரில் அதையும் எழுதுங்கள். தளத்திலும் புகார் கொடுங்கள், ஏனென்றால் அதே ஆள் அதே வாரத்தில் இன்னும் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருப்பார். கொஞ்ச நாளில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று வக்கீல் பெயரிலோ போலீஸ் பெயரிலோ ஒருவர் அழைத்து முன்பணம் கேட்டால், அது பெரும்பாலும் அதே கூட்டம்தான். உங்கள் எண் அவர்களிடம் இருக்கிறது.

அடுத்த வரன்

ஏமாந்த பிறகு பலர் கணக்கையே அழித்துவிடுகிறார்கள். அழிக்க வேண்டியதில்லை, ப்ரொஃபைலில் சில மாற்றங்கள் போதும். சம்பளம், சொத்து விவரம், தனியாக வசிப்பது ஆகியவை தெரியும்படி இருந்தால் எடுத்துவிடுங்கள். மறுமணத்துக்குத் தேடுபவர்கள் தங்கள் துயரத்தை அறிமுகப் பத்தியில் விரிவாக எழுதுவதையும் தவிர்க்கலாம், அதைப் படித்துத்தான் பேச்சு தயாராகிறது. முதல் சில மாதங்கள், நேரில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவர்களை முதலில் வையுங்கள். வெளிநாட்டு வரனை அடியோடு ஒதுக்க வேண்டாம், அங்கே உள்ள உங்கள் உறவினரோ நண்பரோ ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர அவர் சம்மதித்தால் பேசலாம்.

புதிதாக வருபவரிடம் பழைய கதையைச் சொல்ல வேண்டியதில்லை, பழைய கோபத்தைக் காட்டவும் வேண்டாம். முதல் வாரம் வீடியோ கால், இரண்டாம் வாரம் வீட்டார் பேசுவது, மாதத்துக்குள் பொது இடத்தில் ஒரு சந்திப்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "எங்க வீட்டிலும் இதையேதான் சொன்னாங்க" என்று பதில் போடுபவர்கள் உங்களுக்கே வியப்பாகும் அளவுக்கு இருப்பார்கள்.